ஆறிப்போன பொங்கலுக்கு ஆவி ஏற்றியது

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சின்ன மெஸ். புது மெனு கார்டுக்காகப் பலகாரங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மேஜையில், வாசல் வெளிச்சத்தில் கைபேசியிலேயே எடுத்து வைத்திருந்தார்கள். பொங்கல் தட்டு மட்டும் கடைசியில் வந்ததால் ஆறிப்போயிருந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால் கடையை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்கள், அந்த மேஜையும் அந்த வாசலும் இப்போது கிடையாது. சமையல் தற்காலிகமாக வீட்டில்தான் நடக்கிறது. கடை நடத்தும் அக்கா சொன்னது இரண்டே விஷயம். "தம்பி, இது காலைல பண்ணி மத்தியானம் எடுத்த மாதிரி இருக்கு. அப்புறம் இப்ப பொங்கலுக்கு சாம்பார் குடுக்கறதில்ல, கத்திரிக்காய் கொத்சுதான், அதையும் மாத்திடு."

படம் இப்படி: வாழை இலை போட்ட எவர்சில்வர் தட்டு, நடுவில் வெண்பொங்கல், ஓரத்தில் ஒரு மெதுவடை, இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் தேங்காய்ச் சட்னி, இன்னொன்றில் சாம்பார். வெளிச்சம் இடது பக்கம் பின்னாலிருந்து, வாசல் வழியாக வருகிறது. மேலே ஒரு டியூப்லைட்டும் எரிந்திருக்கிறது. பின்னணியில் இடது பாதி இருட்டான மர அலமாரி, வலது பாதி வெளிர்பச்சைச் சுவர். இந்தப் பின்னணி விவரம் ஆவி விஷயத்துக்கு ரொம்ப முக்கியம், அப்புறம் வருகிறேன்.

இந்த மாதிரி வேலைக்கு எல்லோரும் முதலில் ஓடுவது ஆவிக்குத்தான். வெள்ளையாக இரண்டு கீற்று போட்டுவிட்டால் சூடாகத் தெரியும் என்று நினைப்பு. ஆனால் ஆறிய பொங்கல் மேல் ஆவி போட்டால், ஆறிய பொங்கல் மேல் புகை வருகிற மாதிரிதான் இருக்கும். சாப்பாடு பழசு என்று கண்ணுக்குச் சொல்வது ஆவி இல்லாதது இல்லை, மேற்பரப்பு. பொங்கல் ஆறினால் நெய் உறைந்து பளபளப்பு போய் மேலே மங்கலாக ஒரு தோல் கட்டும், விளிம்பில் வெடிப்பு விடும். சாம்பாரில் ஏடு படியும், மட்டம் இறங்கி கிண்ணத்தின் உள்சுவரில் ஒரு காய்ந்த கோடு நிற்கும். கறிவேப்பிலை கறுத்துச் சுருங்கும். அதனால் வரிசை இது: முதலில் கிண்ணம், அப்புறம் பொங்கலின் மேற்பரப்பு, அப்புறம் முந்திரியும் கறிவேப்பிலையும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆவி. ஆவி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற பொருள், லேயரிலும் அது மேலேதான் இருக்க வேண்டும். நான் பயன்படுத்துவது ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள், அதனால் மெனு பெயர்கள் அதில் உள்ளபடி தருகிறேன். போட்டோஷாப்பிலும் இதே வேலைதான், பெயர்தான் கொஞ்சம் மாறும்.

கிண்ணத்திலிருந்து தொடங்கினேன். இங்கே எடுக்க வேண்டிய முதல் முடிவு, கிண்ணத்தோடு மாற்றுவதா, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவதா என்பது. எவர்சில்வர் என்பதால் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் இலையின் பச்சை, பொங்கலின் வெளிர்மஞ்சள், வாசல் வெளிச்சம் எல்லாம் வளைந்து வளைந்து பிரதிபலிக்கிறது. வேறு இடத்தில் எடுத்த கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தால் அதில் வேறு அறை தெரியும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஒட்டவைத்தது என்று தெரிந்துவிடும். அதனால் கிண்ணமும் விளிம்பும் பழைய படத்தில் உள்ளதே இருக்கட்டும், உள்ளே சாம்பாரின் மேற்பரப்பை மட்டும் வெட்டிக் கொத்சை வைப்பது என்று முடிவு.

கொத்சைத் தனியாகப் படமெடுக்கும்போது கேமரா கோணம் பழைய படத்தோடு சரியாக ஒத்துப்போக வேண்டும். இதைக் கண்ணளவில் பார்த்து எடுத்தால் எப்போதும் கொஞ்சம் தப்பும், கணக்குப் போட்டால் தப்பாது. வட்டமான விளிம்பு சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரிகிறது அல்லவா, அதன் உயரத்தை அகலத்தால் வகுத்தால் வருவது கேமரா மேலிருந்து எவ்வளவு சாய்வில் பார்க்கிறது என்ற கோணத்தின் சைன் மதிப்பு. ஜிம்ப்பின் அளவுகோல் கருவியை வைத்து அளந்தேன், அகலம் 720 பிக்சல், உயரம் 374 பிக்சல்.

```
374 / 720 = 0.52
arcsin(0.52) ≈ 31°
```

அதாவது கேமரா மேஜைக்கு 31 டிகிரி உயரத்திலிருந்து பார்த்திருக்கிறது. கிண்ணத்திலிருந்து கைபேசிக்கு நேர்கோட்டில் 60 செ.மீ. தூரம் வைத்துக்கொண்டால், கைபேசி கிண்ண விளிம்பைவிட 60 × 0.52, அதாவது சுமார் 31 செ.மீ. மேலே இருக்க வேண்டும். ஒரு நூலை 60 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஸ்கேல் ஒன்றை நிறுத்தி வைத்தால் வேலை முடிந்தது. தூரமும் பழைய படத்தில் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் முன்விளிம்பு பெரிதாகவும் பின்விளிம்பு சின்னதாகவும் ஆகி, கோணம் சரியாக இருந்தும் பொருந்தாது. பழைய படம் எடுத்த அதே கைபேசி, அதே லென்ஸ், ஜூம் இல்லாமல். அக்காவின் பையனிடம் கைபேசியை வாங்கிக்கொண்டேன்.

கொத்சு அக்கா வீட்டில் சூடாக இறக்கியது. அதே அளவு கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னல் இடது பின்பக்கம் வருகிற மாதிரி மேஜையைத் திருப்பி எடுத்தேன். திக்கான கொத்சு பரவாயில்லை, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பதும் கத்திரிக்காய்த் துண்டு மேலே எட்டிப் பார்ப்பதும் அந்த நிமிடத்தில் மட்டும் கிடைப்பது. கொஞ்ச நேரம் விட்டால் அதுவும் ஏடு கட்டிவிடும், அப்புறம் பழைய கதைதான்.

உள்ளே கொண்டுவருவதற்கு `File > Open as Layers`. கொத்சுப் படத்தை `Unified Transform` கருவியில் அளவு சரிசெய்து, பழைய கிண்ணத்தின் உள்விளிம்பை `Paths` கருவியால் சுற்றி வரைந்து, அதைத் தேர்வாக்கி லேயர் மாஸ்க் போட்டேன். மாஸ்க்கின் ஓரத்தை ஒன்று அல்லது ஒன்றரை பிக்சல் மழுப்ப வேண்டும். கத்தரித்த மாதிரி கூர்மையாக விட்டால் கைபேசிப் படத்தின் இயல்பான மென்மைக்குப் பக்கத்தில் அது துருத்தித் தெரியும்.

பலரும் கவனிக்காமல் விடுவது உள்சுவர். எவர்சில்வர் கிண்ணத்தின் உள்பக்கம், குழம்பு மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு பட்டை தெரியும், அதில் உள்ளே இருப்பதன் நிறம் பிரதிபலிக்கும். சாம்பார் இருந்தபோது அது ஆரஞ்சு கலந்த மஞ்சள். கொத்சு அதைவிடக் கருமையான செம்பழுப்பு. பட்டையை மாற்றாமல் விட்டால் கொத்சுக்கு மேலே சாம்பார் பிம்பம் நிற்கும். ஒரு புது லேயர், மோட் `Multiply`, கொத்சிலிருந்தே நிறத்தை எடுத்து மெல்லிய பிரஷ்ஷால் அந்தப் பட்டையில் மட்டும் தடவி, ஒபாசிட்டியை 40க்குக் குறைத்தேன். காய்ந்த கோட்டை `Heal` கருவியால் எடுத்தேன். முழுக்கத் துடைத்தும் விடக்கூடாது, பரிமாறும்போது கரண்டியிலிருந்து ஒரு துளியாவது விளிம்பில் படும். கொத்சுப் படத்திலேயே அப்படி ஒரு துளி இருந்தது, அதை வைத்துக்கொண்டேன்.

நிறம் பொருந்த விளிம்பையே அளவுகோலாக வைக்கலாம். இரண்டு படத்திலும் எவர்சில்வர் விளிம்பு இருக்கிறது, எவர்சில்வர் கிட்டத்தட்ட நிறமில்லாதது, அதனால் அதில் தெரியும் சாயல் வெளிச்சத்தின் சாயல். பழைய படத்தில் விளிம்பில் வெளிச்சம் படும் இடம் சிவப்பு 176, பச்சை 182, நீலம் 168. டியூப்லைட்டின் பச்சை அது. புதுப் படத்தில் அதே இடம் 188, 187, 186. `Colors > Curves` திறந்து ஒவ்வொரு சானலாக 188ஐ 176க்கு, 187ஐ 182க்கு, 186ஐ 168க்கு இறக்கினால் கொத்சு அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. செய்த பிறகு கொத்சின் சிவப்பு கொஞ்சம் மங்கியது மாதிரி இருந்தது. அதை ஏற்றத் தோன்றும், ஏற்றவில்லை. டியூப்லைட் அடியில் கொத்சு அப்படித்தான் இருக்கும்.

அடுத்து பொங்கல். விளிம்பில் இருந்த வெடிப்புகளை `Heal` கருவியால் பக்கத்துப் பருக்கைகளை எடுத்து மூடினேன். எல்லா வெடிப்பையும் மூடத் தேவையில்லை, மூடினால் பொங்கல் களிமண் உருண்டை மாதிரி ஆகிவிடும். கேமராவுக்கு முன்னால் இருக்கிற மூன்று நான்கு பெரியவை போதும்.

நெய்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நெய்ப் பளபளப்பு என்றதும் மஞ்சள் நிறத்தில் பிரஷ் அடிப்பார்கள், அது மஞ்சள் பெயின்ட் மாதிரி இருக்கும். உண்மையில் உருகிய நெய் இரண்டு தனித்தனி வேலை செய்கிறது. நெய் ஊறிய இடம் கொஞ்சம் கருத்து, நிறம் அடர்த்தியாகத் தெரியும், தண்ணீர் பட்ட துணி கருப்பாகத் தெரிகிறதே அதே காரணம். அதன் மேலே, வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும் பருக்கைகளில் மட்டும் சின்னச் சின்ன மினுக்குப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளியின் நிறம் நெய்யின் நிறம் அல்ல, வெளிச்சத்தின் நிறம். வாசலிலிருந்து வருவது பகல் வெளிச்சம் என்பதால் அது வெள்ளை, இலேசாக நீலம்கூட. அதனால் இரண்டு லேயர். முதலாவது `Multiply`, வெளிர் தேன் நிறம், நெய் தேங்கக்கூடிய பள்ளங்களில் மட்டும், ஒபாசிட்டி 25. இரண்டாவது `Screen`, கிட்டத்தட்ட வெள்ளை, இரண்டு மூன்று பிக்சல் பிரஷ், இடது பின்பக்கத்தைப் பார்த்த பருக்கைகளின் நுனியில் மட்டும். எந்தப் பருக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சந்தேகம் வந்தால் வடையைப் பார்த்தேன். அதில் மினுக்கு எங்கே விழுந்திருக்கிறதோ பொங்கலிலும் அந்தப் பக்கமேதான் விழ வேண்டும். நிழல் பக்கத்தில் ஒரு புள்ளி தப்பி விழுந்தாலும் எங்கிருந்தோ இன்னொரு விளக்கு அடிப்பது போல் ஆகிவிடும்.

முந்திரி, கறிவேப்பிலை. இணையத்தில் கிடைக்கும் வெட்டிய கறிவேப்பிலைப் படங்கள் பெரும்பாலும் பச்சையானவை, மரத்திலிருந்து இப்போதுதான் பறித்த பளிச் பச்சை. பொங்கலில் விழுவது நெய்யில் பொரிந்த இலை. அது கரும்பச்சையாக, கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஒளி ஊடுருவி, ஓரம் மடங்கி இருக்கும். பச்சை இலையைப் பொங்கல் மேல் வைத்தால் நம் ஊரில் யார் பார்த்தாலும் தாளிக்காத பொங்கல் என்பார்கள். (கொத்சு மேல் கொத்தமல்லி தூவுவதென்றால் அது பச்சையாகவே இருக்கலாம், அது கடைசியில் போடுவதுதானே.) அதனால் அக்கா வீட்டிலேயே நெய்யில் தாளித்து வாங்கி எடுத்தேன்.

எடுக்கும்போது வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுக்கவில்லை. ஒரு கரண்டி சூடான பொங்கலைத் தட்டில் வைத்து, அதன் மேலேயே தாளிப்பை விழவைத்து, முந்திரியைக் கொஞ்சம் அமுக்கிவிட்டு, அதே 31 டிகிரியில், அதே பக்க வெளிச்சத்தில் எடுத்தேன். இதனால் இரண்டு லாபம். முந்திரிக்கு அடியில் பொங்கலோடு ஒட்டும் இடத்தில் விழும் அந்தக் குறுகிய கருநிழல் இலவசமாக வந்துவிடுகிறது. மேலே ஒட்டிய பொருள் மிதக்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று கண் முடிவு செய்வது அந்த நிழலை வைத்துத்தான், அதைக் கையால் வரைவது கஷ்டம். இன்னொன்று, முந்திரியின் அடிப்பாகத்தைப் பருக்கைகள் பாதி மறைத்திருக்கும். வெட்டும்போது முந்திரியை மட்டும் வெட்டாமல் சுற்றி ஒரு விரல் அகலப் பொங்கலோடு வெட்டி, மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் அந்தப் பொங்கலைப் பழைய பொங்கலோடு கரைத்துவிடலாம். பருக்கை அளவு ஒன்றாக இருந்தால் சேர்ந்த இடம் தெரியாது. பருக்கை அளவு பொருந்த வேண்டும் என்பதால்தான் அதே கடைப் பொங்கல் வேண்டும் என்றேன், வேறு அரிசியில் செய்தது சேராது.

எத்தனை முந்திரி என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அக்கா ஒரு தட்டுக்கு அரை அரையாக உடைத்த முந்திரி நாலைந்து போடுவார். படத்தில் நாலுதான் வைத்தேன். அமெரிக்காவில் 1960களின் கடைசியில் கேம்பல் சூப் விளம்பரத்துக்குக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறித் துண்டுகள் மேலே தூக்கி நிற்கிற மாதிரி படமெடுத்தார்கள். சூப் என்னவோ அவர்களுடைய சூப்தான், ஆனால் காய் நிறைய இருப்பது போல் காட்டுகிறது என்று அந்நாட்டு வணிக ஆணையம் பிடித்தது, இனி அப்படிச் செய்வதில்லை என்ற ஒப்பந்த உத்தரவோடு 1970இல் அது முடிந்தது. நம் ஊரிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது. என் கணக்கு எளிது, சூடாக வரும் பொங்கலைச் சூடாகக் காட்டலாம், கொடுக்காத முந்திரியைக் காட்டக்கூடாது. வடையைப் பெரிதாக்கச் சொல்லியும் ஒருமுறை கேட்டார்கள், செய்யவில்லை.

சரி, ஆவி.

முதலில் ஆவி எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது அது வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி நுண்ணிய நீர்த்துளியாக ஆனதைத்தான். அந்தத் துளிகள் தங்கள் மேல் விழும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் போகிற போக்கிலேயே, முன்பக்கமாகச் சிதறடிக்கும். அதனால் வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கவாட்டுப் பின்பக்கமிருந்தோ வந்தால் ஆவி பளிச்சென்று தெரியும், கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தால் அநேகமாகத் தெரியாது. கைபேசி ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் அழகான ஆவியைச் சேர்த்தால் ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான், அந்த வெளிச்சத்தில் ஆவி அப்படித் தெரியவே தெரியாது. நம் படத்தில் வெளிச்சம் இடது பின்பக்கம், அதனால் ஆவி சேர்ப்பதற்கு நியாயமான படம்.

பிரஷ்ஷில் வரைந்த ஆவியையும் ஊதுபத்திப் புகையையும் ஒதுக்கிவிட்டேன். ஊதுபத்திப் புகை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதன் துகள்கள் ரொம்ப நுண்ணியவை என்பதால் நீலச் சாயலாக இருக்கும், நூல் நூலாக நீண்டு சுருண்டு மேலே போகும். ஆவி வெள்ளையாக, அகலமாகக் கிளம்பி, ஒரு சாண் போவதற்குள் காற்றில் கரைந்துவிடும். சாப்பாட்டின் மேல் ஊதுபத்திப் புகையை வைத்தால் சாமிக்குப் படைத்தது மாதிரி ஆகிவிடும்.

நிஜ ஆவியை எடுப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பொங்கல் குவியலின் அகலம் உள்ள ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் கொதித்த தண்ணீர், கொதி அடங்கி இரண்டு நிமிடம் போனபின். கொதித்துக்கொண்டே இருந்தால் ஆவி வேகமாகத் திரண்டு எழும்பும், அது கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி, தட்டில் வைத்த பொங்கலின் ஆவி அல்ல. டம்ளரில் எடுத்துப் பெரிதாக்குவதும் வேண்டாம், பெரிதாக்கினால் சுருள்களும் பெரிதாகி ஆலைப் புகைபோக்கி மாதிரி தெரியும். பின்னால் மூன்றடி தள்ளி ஒரு கறுப்புத் துணி, அதில் வெளிச்சம் படாமல். வெளிச்சம் இடது பின்பக்கம் ஜன்னலிலிருந்து. மின்விசிறி கட்டாயம் நிறுத்தியிருக்க வேண்டும். நேரமும் முக்கியம், நண்பகல் உஷ்ணத்தில் துளிகள் உடனே உலர்ந்துவிடுவதால் ஆவி இளைத்துப்போகும். விடியற்காலையிலோ ஏசி அறையிலோ நன்றாக வரும்.

கைபேசியில் புரோ மோடு இருந்தால் ஷட்டர் 1/100 அளவில் வைக்கலாம். 1/15க்குப் போனால் சுருள்கள் எல்லாம் கலந்து வெறும் மூட்டமாகிவிடும், 1/500க்குப் போனால் ஒவ்வொரு கீற்றும் கூர்மையாகி விறைத்து நிற்கும். நடுவில் இருப்பதுதான் கண் பார்ப்பதற்குக் கிட்டே வருகிறது. ஃபோகஸைக் கைமுறையில் பாத்திரத்தின் விளிம்பில் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கேமரா கறுப்புத் துணியைத் தேடிப்போகும். தொடர்ச்சியாக நிறைய படம் எடுத்துத் தள்ளி, அதில் சாதாரணமாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அழகான எஸ் வளைவு உள்ள படம் எப்போதும் ஒன்று கிடைக்கும், அதை எடுக்கக்கூடாது, விளம்பரத்தில் வருவது போல இருக்கும்.

அந்தப் படத்தை மேல் லேயராகத் திறந்து, `Colors > Desaturate` கொடுத்து நிறத்தை எடுத்துவிட்டு, மோடை `Screen` ஆக்கினேன். 0 முதல் 1 வரையான அளவில் இந்த மோடின் கணக்கு இது:

```
1 - (1 - a) * (1 - b)
```

a ஆவிப்படம், b அடியில் உள்ள படம். ஆவிப்படத்தில் முழுக் கறுப்பாக, அதாவது 0 ஆக இருக்கும் இடத்தில் அடிப்படம் அப்படியே வரும், அதனால் வெட்டவே வேண்டியதில்லை. ஆனால் கறுப்புத் துணி கேமராவுக்குக் கறுப்பு இல்லை, கருஞ்சாம்பல். அப்படியே விட்டால் படம் முழுக்க மெல்லிய வெண்திரை விழுந்து, ஆவிப்படத்தின் சதுர ஓரம்கூடத் தெரியும். `Curves` திறந்து இடது கீழ்ப்புள்ளியை வலப்பக்கம், துணியின் மதிப்பைக் கொஞ்சம் தாண்டும்வரை நகர்த்தினால் துணி உண்மையான கறுப்பாகிவிடும். ரொம்ப நகர்த்தினால் ஆவியின் மெல்லிய ஓரங்களும் அறுந்து, நடுப்பகுதி மட்டும் பஞ்சுத் துண்டாக நிற்கும். சரியாக வந்ததா என்று பார்க்க லேயரின் கண் குறியை அணைத்து அணைத்துப் போட வேண்டும், ஆவி இல்லாத மூலைகளில் எந்த மாற்றமும் தெரியக்கூடாது.

அதே கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். b ஏற்கனவே 1க்குக் கிட்டே இருந்தால், அதாவது பின்னணி வெளிச்சமாக இருந்தால், ஆவி என்னதான் பலமாக இருந்தாலும் கூட ஏதும் சேராது. நிஜத்திலும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி தெரிவதில்லை. நம் படத்தில் வலது பாதி வெளிர்பச்சைச் சுவர், இடது பாதி இருட்டு அலமாரி. ஆவியை நடுவில் நேராக நிறுத்தினால் பாதி தெரிந்து பாதி காணாமல் போகும். அதனால் பொங்கலின் நடுவில் கிளம்பி, இலேசாக இடப்பக்கம் சாய்ந்து, அலமாரிக்கு முன்னால் விரியும்படி வைத்தேன். சாய்க்க `Warp Transform` கருவி, பெரிய பிரஷ், குறைந்த பலம். சுவர்ப் பக்கம் ஒரு மெல்லிய கீற்று போனால் அது தானாக மங்கிவிடுகிறது, அதை ஏற்றிக் காட்ட முயலவில்லை.

மாஸ்க் கறுப்பாகத் தொடங்கினேன், `Add Layer Mask` கொடுத்தால் வரும் தேர்வில் `Black (full transparency)`. அதில் வெள்ளை மென் பிரஷ், ஒபாசிட்டி 20, ஆவி வேண்டிய இடத்தில் மட்டும் தடவித் தடவித் திறந்தேன். எங்கே வேண்டும் என்பதற்கு நிரல் அறிவைவிடச் சாப்பாட்டு அறிவு உதவும். பொங்கலிலிருந்து வரலாம், கொத்சிலிருந்து மெல்லியதாக வரலாம். தேங்காய்ச் சட்னியிலிருந்து வரவே கூடாது, சட்னி எப்போது சூடாக இருந்தது? வடையிலிருந்தும் வேண்டாம், சுட்ட வடையை உடைத்தால்தான் ஆவி வரும், முழு வடை மொறுமொறு தோலோடு சும்மா இருக்கும். ஆவிப்படம் அகலமானது என்பதால் கவனிக்காமல் விட்டால் சட்னிக் கிண்ணத்தின் மேலும் ஒரு கீற்று கிளம்பும், அது ஒன்றே மொத்தத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். கொத்சுக்கு வைத்த ஆவி வேறு ஒரு படத்திலிருந்து. பொங்கலின் ஆவியைத் திருப்பிப் போட்டு வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வளையும்.

ஆவியின் அடிப்பக்கம் பொங்கலைத் தொடும் இடத்தில் திடீரென்று தொடங்கக்கூடாது, பருக்கைகளின் மேலேயே மெலிதாகக் கிளம்பிக் கொஞ்சம் மேலே போனபின் அடர வேண்டும். ஆவிக்குப் பின்னால் இருப்பது கொஞ்சம் மழுங்கியும் தெரிய வேண்டும், அலமாரியின் கூரான விளிம்பு அடர்ந்த ஆவிக்குள்ளும் அதே கூர்மையோடு நின்றால் ஆவி கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகிவிடும். `Layer > New from Visible` கொடுத்து வரும் லேயரை ஆவி லேயருக்குக் கீழே இறக்கி, இரண்டு மூன்று பிக்சல் `Gaussian Blur` கொடுத்து, ஆவி அடர்ந்த இடத்தில் மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டேன். இந்த லேயரை எடுக்கும்போது ஆவி லேயரின் கண்ணை அணைத்திருக்க வேண்டும், மறந்தால் ஆவி இரண்டு முறை விழும்.

கடைசியில் ஆவி லேயரின் ஒபாசிட்டி 40இல் நின்றது. திரையில் பெரிதாகப் பார்க்கும்போது இது போதாது என்றே எப்போதும் தோன்றும். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும், அப்போது ஆவி இருப்பது தனியாகத் தெரியாமல் தட்டு சூடாக மட்டும் தெரிந்தால் சரி, லென்ஸில் கைரேகை பட்ட மாதிரி தெரிந்தால் அதிகம்.

எல்லாம் முடிந்தபின் இழை பொருத்தம். பழைய படம் மங்கலான கடைக்குள் எடுத்தது, 200 சதவீதம் பெரிதாக்கினால் எங்கும் பொடிப்பொடியாக இரைச்சல். கொத்சும் முந்திரியும் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தவை, வழவழவென்று இருக்கின்றன. அந்த லேயர்களுக்கு மட்டும் `Filters > Noise > RGB Noise`, ஒவ்வொரு சானலுக்கும் தனித்தனி என்ற குறியை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பழைய பொங்கலோடு ஒன்றும் வரை மெல்ல ஏற்றினேன். மெனு கார்டு அச்சில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். கார்டில் தெரியாது, கடை வாசலில் அதே படத்தை ஃப்ளெக்ஸில் ஆறடிக்கு அடிக்கும்போது தெரியும், அடிக்கத்தான் போகிறார்கள்.

அக்காவிடம் காட்டியபோது ஆவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கொத்சுல எண்ணெ கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுதே" என்றார். ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்த எண்ணெயைக் கொஞ்சம் `Heal` செய்து குறைத்தேன்.

கோப்பை லேயர்களோடு `.xcf` ஆக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அச்சுக்கும் கைபேசி ஆப்புக்கும் ஒரே படம் ஒத்துவராது. அச்சில் மெல்லிய வெளிர்சாம்பல்கள் அமுங்கிவிடுவதால் ஆவி ஒபாசிட்டியை 55க்கு ஏற்றி, ஒரு சின்னத் துண்டு மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமும் கொடுத்தது. உணவு ஆப்பில் படம் சதுரமாக வெட்டப்படும், மேலே இருக்கும் ஆவியில் பாதி வெட்டுப்பட்டு நேர்கோட்டில் நிற்கும். அதற்கு ஆவி லேயரை மட்டும் கொஞ்சம் குட்டையாக்கி, உச்சி சட்டத்துக்குள்ளேயே கரையும்படி மாஸ்க்கைத் திருத்தித் தனியாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.